வெளிநாட்டில் வாங்கிய டிவி நம் வீட்டில் ஓடுமா? செருகும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

வெளிநாட்டிலிருந்து டிவி கொண்டுவருபவர்களிடம் நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்வார்கள்: வோல்டேஜ், பிளக், ட்யூனர், கலர் சிஸ்டம். நான்கையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் நான்குக்கும் ஒரே எடை கிடையாது. வோல்டேஜ் தவறினால் டிவி ஒரு நொடியில் போய்விடும். பிளக் மாறியிருந்தால் ஒரு ஒயரை மாற்றினால் போதும். ட்யூனர் ஒத்துவராவிட்டால் ஆன்டெனாவில் சேனல் வராது, மற்றதெல்லாம் ஓடும். கலர் சிஸ்டம் இன்றைக்குப் பழைய மஞ்சள் ஜாக்கில் மட்டும்தான் தலைகாட்டுகிறது. இவை போக, பட்டியலில் யாரும் சேர்க்காத ஐந்தாவது ஒன்று இருக்கிறது. செட்டாப் பாக்ஸிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் படத்தை, அதாவது நொடிக்கு 50 முறை மாறும் படத்தை, டிவி ஏற்குமா என்பது அது. எல்லாம் சரியாக இருந்தும் திரை கறுப்பாகவே கிடந்தால், பெரும்பாலும் காரணம் இதுவாக இருக்கும்.

எடுத்துக்காட்டுக்கு, எல்லா விதத்திலும் முரண்படும் ஒரு ஜோடியை வைத்துக்கொள்வோம். அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த 43 அங்குல டிவி ஒன்று, 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டுக்கு வருகிறது. அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அங்கே ஒளிபரப்பு முறை வேறு, பழைய கலர் முறை வேறு, பிளக்கும் வேறு. இந்த ஒன்றைச் சரிசெய்யத் தெரிந்தால் மற்ற ஜோடிகள் சுலபம்.

முதலில் பின்பக்க ஸ்டிக்கர்

டிவியின் பின்புறம் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதில் மின்சாரம் பற்றிய வரியைத் தேடுங்கள். அது பெரும்பாலும் இந்த இரண்டு மாதிரிகளில் ஒன்றாக இருக்கும்:

```
AC 100-240V~ 50/60Hz 110W
AC 120V~ 60Hz 110W
```

முதல் வரி இருந்தால் நிம்மதி. 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் அந்த டிவி தானாகவே ஏற்றுக்கொள்ளும். எந்த ஸ்விட்சையும் மாற்ற வேண்டியதில்லை, டிரான்ஸ்ஃபார்மரும் வேண்டாம். இரண்டாவது வரியோ, 110-120V என்று முடியும் வரியோ இருந்தால் அந்த டிவியை 230 வோல்ட் சுவரில் நேரடியாகச் செருகவே கூடாது.

இணையத்தில் அதே மாடலுக்கு 100-240V என்று போட்டிருந்தது என்று சிலர் நம்பிவிடுவார்கள். ஒரே பெயரில் வரும் டிவி வெவ்வேறு நாடுகளுக்கு வெவ்வேறு பவர் போர்டுடன் போவதுண்டு. மாடல் எண்ணின் கடைசி எழுத்துகள்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே கையில் இருக்கும் டிவியின் ஸ்டிக்கர் சொல்வதே முடிவு. கடையில் வாங்கும்போதே டிஸ்ப்ளேயில் இருக்கும் டிவியின் பின்பக்கத்தைப் பார்த்துவிடுவது நல்லது. பெட்டியின் பக்கவாட்டிலும் சில சமயம் இதே வரி இருக்கும்.

தவறாகச் செருகினால் உள்ளே நடப்பது இதுதான். டிவி தனக்குள் வரும் ஏசியை முதலில் டிசியாக மாற்றுகிறது. 120 வோல்ட் ஏசியின் உச்சம் சுமார் 170 வோல்ட், 230 வோல்ட் ஏசியின் உச்சம் சுமார் 325 வோல்ட். 170-ஐத் தாங்கும்படி வைத்த பாகங்கள் 325-ஐ வாங்கிக்கொள்ளும்போது, நுழைவாயிலில் இருக்கும் வேரிஸ்டர் என்ற பாதுகாப்புப் பாகம் ஷார்ட் ஆகிக் கருகும், ஃபியூஸ் போகும். ஒரு ‘டப்’ சத்தம், கருகிய வாசனை, அப்புறம் சிவப்பு ஸ்டாண்ட்-பை விளக்கு கூட எரியாது. அதிர்ஷ்டம் இருந்தால் அந்த இரண்டு பாகத்தோடு நின்றுவிடும், மெக்கானிக் மாற்றித் தந்துவிடுவார். பல சமயம் பவர் போர்டையே மாற்ற வேண்டிவரும். வேற்று நாட்டு மாடலுக்கு அந்தப் போர்டு உள்ளூரில் கிடைப்பது கடினம்.

“உள்ளே 450 வோல்ட் கண்டென்சர் இருக்கிறது, அப்போ 230 தாங்கும்” என்று சொல்பவர்களையும் பார்க்கலாம். அதை நம்ப வேண்டாம். பெரிய டிவிகளில், உள்ளே வரும் மின்சாரத்தை 390 வோல்ட் அளவுக்கு ஏற்றி வைக்கும் ஒரு சுற்று இருக்கும். அதனால் 120 வோல்ட் மட்டுமே ஏற்கும் டிவியிலும் 450 வோல்ட் கண்டென்சர் இருக்கலாம். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதைப் பார்ப்பதற்காக டிவியைத் திறக்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கண்டென்சரில் மின்சாரம் தேங்கி நிற்கும்.

120 வோல்ட் டிவி என்றால் டிரான்ஸ்ஃபார்மர்

நம் 43 அங்குல டிவியின் ஸ்டிக்கர் இரண்டாவது வகை என்று வைத்துக்கொள்வோம்: 120V, 110W. இதற்கு 230-ஐ 110 அல்லது 120 ஆகக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 110 வாட் டிவிதானே என்று 150 வாட் டிரான்ஸ்ஃபார்மர் வாங்காதீர்கள். டிவி ஆன் ஆகும் கணத்தில் இழுக்கும் மின்சாரம் ஸ்டிக்கரில் போட்டதைவிடப் பல மடங்கு. மலிவான டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருக்கும் வாட்டும் தாராளமாகப் போட்டதாக இருக்கும். 300 வாட் வாங்கினால் சூடாகாமல் நிம்மதியாக ஓடும்.

கடையில் கேட்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் தேவை. பயணிகளுக்காக விற்கும், உள்ளங்கையில் அடங்கும், எடையே இல்லாத ‘வோல்டேஜ் கன்வெர்ட்டர்’ ஒன்று உண்டு. அதில் 1600 வாட், 2000 வாட் என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். அது ஹேர் டிரையர், இஸ்திரிப்பெட்டி போன்ற சூடாக்கும் பொருள்களுக்கானது. மின் அலையை அங்கங்கே வெட்டித்தான் வோல்டேஜைக் குறைக்கிறது. அதை டிவிக்குக் கொடுத்தால் டிவி கெடும். உங்களுக்கு வேண்டியது செம்புச் சுருளும் இரும்பும் உள்ள நிஜ டிரான்ஸ்ஃபார்மர். தூக்கினாலே கனம் தெரியும்.

வாங்கி வந்ததும் டிவியைச் செருகும் முன் மல்டிமீட்டரை ஏசி அளவில் வைத்து டிரான்ஸ்ஃபார்மரின் வெளியீட்டை அளந்துவிடுங்கள். 105-க்கும் 125-க்கும் இடையில் காட்டினால் சரி. 230-ஐச் சரிபாதியாக்கும் டிரான்ஸ்ஃபார்மர் 115 கொடுக்கும். சுவரில் 250 ஆக ஏறினால் இங்கே 125 வரும், அதுவரை கவலையில்லை. அதற்கு மேலும் ஏறி இறங்கும் வீடு என்றால் டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் ஒரு ஸ்டெபிலைசர் போடுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மட்டும்தான் மாற்றும். 50 ஹெர்ட்ஸ் 50 ஆகவேதான் இருக்கும். ஸ்டிக்கரில் 60Hz என்று இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். இன்றைய எல்இடி டிவி மின்சாரத்தை முதல் வேலையாக டிசியாக மாற்றிவிடுகிறது. அதற்கு 50-ம் ஒன்றுதான், 60-ம் ஒன்றுதான்.

எதிர்த்திசையில், 230 வோல்ட் மட்டுமே ஏற்கும் டிவியை 120 வோல்ட் நாட்டுக்குக் கொண்டுபோனால் பெரிய ஆபத்து எதுவும் இல்லை. ஆன் ஆகாது, அவ்வளவுதான். ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் போட வேண்டும்.

பிளக்கை எப்போது மாற்றலாம், எப்போது மாற்றக் கூடாது

100-240V டிவியாக இருந்தால் அடாப்டரைத் தேடி அலையாதீர்கள், ஒயரையே மாற்றுங்கள். பெரும்பாலான டிவிகளில் பவர் கார்டு பின்னாலிருந்து கழற்றும்படி இருக்கும். எட்டு வடிவத் துளை இருந்தால், பழைய டேப் ரெக்கார்டருக்கும் டிவிடி பிளேயருக்கும் வரும் அதே இரண்டு துளை ஒயர்தான் அது. கொஞ்சம் பெரிய மூன்று முனை என்றால் கம்ப்யூட்டருக்குப் போடும் ஒயர். இரண்டுமே எங்கும் கிடைக்கும். அமெரிக்க ஒயரின் பிளக்கில் 125V என்று அச்சிட்டிருப்பதைக் கவனியுங்கள். டிவி 240 வரை தாங்கினாலும் அந்த ஒயருக்கும் பிளக்குக்கும் சான்று 125 வோல்ட்டுக்குத்தான். அடாப்டர் போட்டு அதையே ஓட்டுவதைவிட, 250V என்று எழுதிய உள்ளூர் ஒயர் எல்லா வகையிலும் மேல்.

மூன்று முனை ஒயர் வந்த டிவிக்கு எர்த் தேவை. எர்த் பின் இல்லாத இரண்டு முள் அடாப்டரில் அதைச் செருகினால் டிவி ஓடும், ஆனால் உள்ளே கசிவு ஏற்பட்டால் உலோகப் பகுதியைத் தொடுபவருக்கு அடிக்கும். ஸ்டிக்கரில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அந்த டிவி இரட்டைக் காப்பு கொண்டது, அதற்கு எர்த் வேண்டாம்.

120 வோல்ட் டிவிக்குக் கதை நேர்மாறு. அதன் தட்டை முள் பிளக்கை வெட்டிவிட்டு உள்ளூர் பிளக் மாட்ட வேண்டாம். சுவர் சாக்கெட்டில் பொருந்தாத அந்தத் தட்டை முள்தான் அந்த டிவிக்குக் கடைசிப் பாதுகாப்பு. வீட்டைச் சுத்தம் செய்ய வந்தவரோ, டிவியை நகர்த்தியவரோ, டிரான்ஸ்ஃபார்மரை விட்டுவிட்டு நேராகச் சுவரில் செருகி டிவியைக் கொளுத்துவது நடக்கக்கூடிய விபத்து. இன்றைக்கு விற்கும் பல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்கள் எல்லா நாட்டு முள்ளையும் ஏற்பதால் தட்டை முள்ளை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. பிளக்கின் மேலேயே ‘120 வோல்ட் மட்டும்’ என்று தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

யாரும் சொல்லாத ஐந்தாவது சோதனை: எச்டிஎம்ஐயில் 50 ஹெர்ட்ஸ்

மின்சாரம் சரியாகிவிட்டது, டிவி ஆன் ஆகிறது, மெனு அழகாகத் தெரிகிறது. செட்டாப் பாக்ஸை எச்டிஎம்ஐயில் மாட்டினால் திரையில் `Mode Not Supported` அல்லது `Invalid Format` என்று வருகிறது. கேபிள் கெட்டுவிட்டது, பாக்ஸ் கெட்டுவிட்டது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள்.

காரணம் பழைய கலர் சிஸ்டம் விட்டுச்சென்ற மிச்சம். டிவி பிறந்த காலத்தில் பெரும்பாலான நாடுகள் தங்கள் மின்சாரத்தின் ஹெர்ட்ஸுக்கு ஏற்ப படத்தின் வேகத்தை வைத்துக்கொண்டன. 60 ஹெர்ட்ஸ் அமெரிக்காவில் நொடிக்கு ஏறக்குறைய 60, 50 ஹெர்ட்ஸ் ஐரோப்பாவில் 50. பெரும்பாலும் முன்னதோடு என்டிஎஸ்சி கலர் முறையும் பின்னதோடு பால் கலர் முறையும் வந்தன. டிஜிட்டல் வந்ததும் பாலும் என்டிஎஸ்சியும் போயின, வேகம் மட்டும் போகவில்லை. பால் பயன்படுத்திய பெரும்பாலான நாடுகளின் சேனல்கள் இன்றும் 50-லேயே வருகின்றன. செட்டாப் பாக்ஸும் அதையே எச்டிஎம்ஐயில் அனுப்புகிறது. அமெரிக்கச் சந்தைக்குச் செய்த டிவிகளில் சில 60-ஐயும் சினிமாவுக்கான 24-ஐயும் மட்டும் ஏற்கும். சில 50-ஐயும் சத்தமில்லாமல் ஏற்கும். பெட்டியைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது.

ஆனால் சோதித்துப் பார்க்க முடியும். எச்டிஎம்ஐ உள்ள ஒரு லேப்டாப் போதும், கடையிலேயே செய்யலாம். டிவியை லேப்டாப்பில் மாட்டி ரெசல்யூஷனை 1920×1080-ல் வையுங்கள். விண்டோஸ் என்றால் Settings, System, Display, Advanced display என்று போய், மேலே டிவியைத் தேர்ந்து, ரெஃப்ரெஷ் ரேட் பட்டியலைத் திறங்கள். எந்தெந்த வேகம் தனக்குச் சரி என்று டிவி தானே லேப்டாப்பிடம் சொல்லும். அந்தப் பட்டியலில் 50 இருந்து, அதைத் தேர்ந்ததும் படம் நிலையாக வந்தால் உங்கள் டிவி தேறிவிட்டது. லேப்டாப் கையில் இல்லையென்றால் கையேட்டின் பின்பக்கங்களில், ஏற்கும் சிக்னல்களின் அட்டவணையில் 1080 வரிசைக்கு எதிரே 50 இருக்கிறதா என்று பாருங்கள்.

50 இல்லாத டிவி ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டதா? முதலில் செட்டாப் பாக்ஸின் வீடியோ அமைப்புகளில் 60 ஹெர்ட்ஸ் வெளியீடு இருக்கிறதா என்று தேடுங்கள். சில பாக்ஸ்களில் உண்டு. பாக்ஸை 50 ஏற்கும் வேறொரு டிவியில் மாட்டி மாற்றிவிட்டு இங்கே கொண்டுவரலாம். படம் வரும், ஆனால் ஒரு குறை இருக்கும். 50 படங்களை 60 ஆக்க ஒவ்வொரு ஐந்தாவது படமும் இரண்டு முறை காட்டப்படுகிறது. செய்திச் சேனலில் கீழே ஓடும் எழுத்துகளைக் கவனித்தால் சீராக நகராமல் வெட்டி வெட்டிப் போவது தெரியும். சீரியல் பார்க்க இது தொந்தரவில்லை, கிரிக்கெட்டில் பந்து ஓடும்போது உறுத்தும்.

பாக்ஸில் அந்த வசதி இல்லையென்றால் நடுவே 50-ஐ 60 ஆக மாற்றும் எச்டிஎம்ஐ ஸ்கேலர் பெட்டி போட வேண்டும். சாதாரண ஸ்ப்ளிட்டரோ விலை உயர்ந்த கேபிளோ இந்த வேலையைச் செய்யாது. ஓடிடி ஆப்களும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கும் மட்டுமே பார்க்கும் வீடு என்றால் இந்தப் பிரச்சினையே எழாது, அவை சாதாரணமாக 60-லேயே அனுப்பும். நீங்கள் வாங்கும் முன் இதைப் படித்துக்கொண்டிருந்தால், செட்டாப் பாக்ஸில் சேனல் பார்க்கும் வீட்டுக்கு 50 ஏற்காத டிவியை வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

ட்யூனர்

ஆன்டெனா ஒயரை நேராக டிவியில் மாட்டிப் பார்ப்பவர்களுக்கு மட்டுமே இந்தப் பகுதி. அமெரிக்கா, கனடா, தென் கொரியா போன்ற நாடுகளின் டிஜிட்டல் ஒளிபரப்பு ஏடிஎஸ்சி முறை. ஐரோப்பா, இந்தியா, சிங்கப்பூர், மலேசியா ஆகியவற்றில் டிவிபி. ஜப்பானிலும் பிரேசிலிலும் ஐஎஸ்டிபி. சீனாவில் டிடிஎம்பி. இவற்றில் ஒன்றுக்கான ட்யூனர் மற்றொன்றின் சிக்னலைப் புரிந்துகொள்ளாது. நம் அமெரிக்க டிவியில் சேனல் ஸ்கேன் போட்டால் நூறு சதவீதம் வரை ஓடி, கடைசியில் சேனல் பூஜ்யம் என்று நிற்கும். இது பழுதில்லை. ரகசிய சர்வீஸ் மெனுவில் நாட்டை மாற்றினால் வந்துவிடும் என்று இணையத்தில் வீடியோக்கள் உண்டு. உள்ளே அந்த ட்யூனர் சிப்பே இல்லாவிட்டால் எதை மாற்றியும் பயனில்லை. தவறான பேனல் எண்ணைத் தேர்ந்தால் படம் தலைகீழாகவோ கலங்கியோ போய்விடும்.

டிவிபி நாட்டிலிருந்து டிவிபி நாட்டுக்கு வந்தாலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டிவிபி-டி2 டிவி பழைய டிவிபி-டி சிக்னலையும் எடுக்கும், டிவிபி-டி மட்டும் உள்ள பழைய டிவி டி2-வை எடுக்காது. ஸ்பெசிஃபிகேஷனில் டிஜிட்டல் ட்யூனர் என்ற வரியில் `DVB-T2` என்று எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒத்துவராவிட்டால் தீர்வு எளிது. உள்ளூர் முறைக்கான செட்டாப் பாக்ஸ் ஒன்றை ஆன்டெனாவுக்கும் டிவிக்கும் நடுவில் வைத்து எச்டிஎம்ஐயில் மாட்டினால் டிவியின் ட்யூனருக்கு வேலையே இல்லை. கேபிளும் டிடிஎச்சும் வைத்திருக்கும் வீடுகளில் இது ஏற்கெனவே அப்படித்தான் நடக்கிறது. மேலே சொன்ன 50 ஹெர்ட்ஸ் சோதனை மட்டும் இந்தப் பாக்ஸுக்கும் பொருந்தும்.

மஞ்சள் ஜாக்கும் கலர் சிஸ்டமும்

பழைய டிவிடி பிளேயர், கேம் கன்சோல், கேம்கார்டர் ஏதாவது மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரில் மாட்ட வேண்டியிருந்தால் மட்டும் பாலா என்டிஎஸ்சியா என்ற கேள்வி வரும். என்டிஎஸ்சி மட்டும் தெரிந்த டிவியில் பால் சிக்னல் கொடுத்தால் படம் மேலும் கீழுமாக உருளும். படம் நிலையாக நின்று கறுப்பு வெள்ளையாக மட்டும் தெரிந்தால் வேகம் ஒத்துப்போயிருக்கிறது, கலரைக் குறிக்கும் சிக்னல் மட்டும் ஒத்துப்போகவில்லை. இரண்டுக்கும் முதல் மருந்து டிவிடி பிளேயரின் அமைப்பில் இருக்கும் டிவி டைப் என்ற வரி. அதை டிவிக்கு ஏற்றபடி மாற்றிப் பாருங்கள். சரியாகாவிட்டால் எச்டிஎம்ஐ உள்ள பிளேயருக்கு மாறிவிடுவதுதான் நல்லது.

வீட்டுக்கு வந்ததும் செய்யும் வரிசை

நம் 120 வோல்ட் டிவியை இப்போது பெட்டியிலிருந்து எடுக்கிறோம். டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் சுவரில் செருகி வெளியீட்டை அளக்கிறோம்: 116 வோல்ட். அணைத்துவிட்டு டிவியை அதில் மாட்டி மறுபடி போடுகிறோம். செட்டாப் பாக்ஸ் உள்ளூரில் வாங்கியது, 230 வோல்ட்டுக்கானது. ஆகவே அதன் அடாப்டர் நேராகச் சுவருக்குப் போக வேண்டும், டிரான்ஸ்ஃபார்மருக்கு இல்லை. அப்புறம் வைஃபை. வீட்டு ரவுட்டரின் பெயர் போனில் தெரிகிறது, டிவியில் மட்டும் தெரியவில்லை என்றால் ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸில் 12 அல்லது 13-ஆம் சேனலில் இருக்கலாம். அமெரிக்கச் சாதனங்கள் பொதுவாக 11 வரைதான் பார்க்கும். ரவுட்டரில் 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றை வைத்தால் தெரிந்துவிடும்.

டிவியை ஒரு மணி நேரம் ஓடவிட்டு டிரான்ஸ்ஃபார்மரின் மேல் கையை வையுங்கள். வெதுவெதுப்பும் மெல்லிய ரீங்காரமும் இயல்பு. கையை வைத்திருக்க முடியாத அளவு சுட்டாலோ வார்னிஷ் வாசனை வந்தாலோ உடனே அணைத்துவிட்டு, அதைவிட அதிக வாட் உள்ளதாக மாற்றுங்கள். மூடிய அலமாரிக்குள்ளோ திரைச்சீலைக்குப் பின்னாலோ அதை வைக்காதீர்கள். டிவி ஸ்டாண்ட்-பையில் இருக்கும்போதும் டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் மின்சாரம் இழுத்துக்கொண்டேதான் இருக்கும், ஆகவே ராத்திரி படுக்கும் முன் சுவர் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள்.